ரொக்கத் தள்ளுபடி பெற்றால் உள்ளீட்டு வரி வரவு குறையுமா?

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை ஒட்டிய தெருக்களில் இயங்கும் பட்டறைகளின் உரிமையாளர்கள், நடப்பு மூலதனக் கடனைப் புதுப்பிக்க வரும்போது தம் பேரேடுகளையும் கொண்டுவருவார்கள். அவற்றைப் பார்வையிடுகையில் "பெற்ற தள்ளுபடி" என்னும் கணக்குத் தலைப்பில் நாங்கள் சற்று நிற்பது வழக்கம். சரக்கு வந்த பத்து நாள்களுக்குள் பணத்தைச் செலுத்தி, விற்பவரிடம் நூற்றுக்கு இரண்டு குறைத்துக்கொள்வது பழைய வணிக வழக்கம். பணம் இன்று வங்கி வழியாகவே போனாலும், உடனடியாகச் செலுத்தியமைக்குக் கிடைப்பதால் அதற்கு ரொக்கத் தள்ளுபடி என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. விலைச்சீட்டில் முழு விலைக்கும் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டிருக்கிறது. நாமோ விலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். அவ்வாறாயின், முழு வரியையும் உள்ளீட்டு வரி வரவாக வைத்துக்கொள்ளலாமா, அல்லது தள்ளுபடிக்குரிய பங்கைத் திருப்ப வேண்டுமா? ஒரே தெருவில் இருக்கும் இரு பட்டறைகளின் கணக்கர்கள் இதற்கு இருவேறு விடை சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏனெனில் விடை தள்ளுபடியில் இல்லை. அந்தத் தள்ளுபடிக்காக விற்பவர் எழுதிக்கொடுத்த கிரெடிட் நோட்டில் இருக்கிறது.

ஒரு விலைச்சீட்டு

எடுத்துக்காட்டாக ஒரு கொள்முதலை எடுத்துக்கொள்வோம். பொம்மனஹள்ளியில் மின்பலகைப் பெட்டிகள் செய்யும் ஒரு பட்டறை, பீன்யாவில் உள்ள ஒரு வணிகரிடமிருந்து இரும்புத் தகடு வாங்குகிறது. தகட்டின் விலை 10,00,000 ரூபாய். வரி 18%, அதாவது 1,80,000 ரூபாய். இருவரும் கர்நாடகத்திலேயே இருப்பதால் வரி பாதிப் பாதியாக மத்திய வரி, மாநில வரி என்று பிரிந்து நிற்கும். விலைச்சீட்டின் மொத்தம் 11,80,000 ரூபாய். தவணை 45 நாள். பத்து நாள்களுக்குள் செலுத்தினால் விலையில் 2% தள்ளுபடி. பட்டறை எட்டாம் நாளே செலுத்திவிடுகிறது. தள்ளுபடி 20,000 ரூபாய்.

இந்த 20,000 ரூபாயை விற்பவர் இரண்டு வகையில் எழுதித் தரலாம்.

முதல் வகை, வரியுடன் கூடிய கிரெடிட் நோட். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி விற்பவர் இதை வழங்குகிறார். விலையில் 20,000, அதற்குரிய வரி 3,600, ஆக மொத்தம் 23,600 ரூபாய் என்று அதில் இருக்கும். விற்பவர் தாம் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியில் இந்த 3,600 ரூபாயைக் குறைத்துக்கொள்கிறார். எனவே வாங்கியவர் தம் வரவில் அதே 3,600 ரூபாயைத் திருப்பியாக வேண்டும். பட்டறை செலுத்துவது 11,56,400 ரூபாய். அதன் உள்ளீட்டு வரி வரவு 1,76,400 ரூபாய்.

இரண்டாம் வகை, வரி இல்லாத கிரெடிட் நோட். இதை வணிகக் கிரெடிட் நோட் என்பர். விலையில் 20,000 ரூபாய் குறைக்கப்பட்டது என்று மட்டுமே அதில் இருக்கும். வரியைப் பற்றிய பேச்சே இராது. விற்பவர் தம் வரியைக் குறைத்துக்கொள்வதில்லை. 1,80,000 ரூபாயும் அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எனவே வாங்கியவர் எதையும் திருப்ப வேண்டியதில்லை. பட்டறை செலுத்துவது 11,60,000 ரூபாய். வரவு முழுமையாக 1,80,000 ரூபாய்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முதல் வகையில் 11,56,400 ரூபாயிலிருந்து 1,76,400 ரூபாய் வரவைக் கழித்தால், தகட்டின் உண்மையான அடக்கவிலை 9,80,000 ரூபாய். இரண்டாம் வகையில் 11,60,000 ரூபாயிலிருந்து 1,80,000 ரூபாயைக் கழித்தாலும் அதே 9,80,000 ரூபாய்தான். விற்பவரின் கையில் நிற்பதும் இரு வகையிலும் அதே 9,80,000 ரூபாய். வரவை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய வாங்குபவருக்கு எந்த வகையிலும் ஆதாயமோ இழப்போ இல்லை. ஒரு வகையின் கிரெடிட் நோட்டை வைத்துக்கொண்டு, மறுவகையின் கணக்கை எழுதும்போதுதான் இழப்பு நேர்கிறது.

குழப்பம் எங்கிருந்து வந்தது?

சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சரக்கின் மதிப்பிலிருந்து எந்தத் தள்ளுபடியைக் கழிக்கலாம் என்று சொல்கிறது. விற்கும்போதே விலைச்சீட்டில் காட்டிக் கழித்த தள்ளுபடியில் சிக்கல் இல்லை. விற்ற பின்பு தரும் தள்ளுபடியைக் கழிக்க இரண்டு நிபந்தனைகள் வைக்கப்பட்டன. அது விற்பனைக்கு முன்போ விற்பனையின்போதோ செய்துகொண்ட உடன்பாட்டின்படி இருந்து, குறிப்பிட்ட விலைச்சீட்டுடன் இணைந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. தள்ளுபடிக்குரிய உள்ளீட்டு வரி வரவை வாங்கியவர் திருப்பியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாம் நிபந்தனையைத் தனியே எடுத்துப் படித்தவர்கள், தள்ளுபடி பெற்றாலே வரவைத் திருப்ப வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அது விற்பவர் தம் வரியைக் குறைத்துக்கொள்வதற்காக வைத்த நிபந்தனை. அவர் குறைத்துக்கொள்ளாதபோது அதற்கு வேலையே இல்லை.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் முறையாக எழுப்பப்பட்டு இரண்டு விடைகளைப் பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டயர் நிறுவனமான எம்.ஆர்.எஃப்., தனக்குச் சரக்கு வழங்குவோருக்கு ஒரு மென்பொருள் தளம் வழியாக முன்கூட்டியே பணம் செலுத்தித் தள்ளுபடி பெறும் ஏற்பாட்டை மேற்கொண்டிருந்தது. விலைச்சீட்டில் உள்ள முழு வரிக்கும் வரவு எடுக்கலாமா என்று தமிழ்நாட்டின் முன்தீர்ப்பு ஆணையத்திடம் அது கேட்டது. தள்ளுபடி போக எஞ்சிய விலைக்குரிய அளவே வரவு கிடைக்கும். முழுவதும் எடுத்திருந்தால் வேறுபாட்டைத் திருப்ப வேண்டும் என்று 2019-இல் ஆணையம் கூறியது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு ஆணையம் அதே ஆண்டில் அந்த முடிவை மாற்றி, விலைச்சீட்டில் விதிக்கப்பட்ட முழு வரிக்கும் வரவு எடுக்கலாம் என்றது.

முன்தீர்ப்பு என்பது, கேட்டவரையும் அவருக்குரிய வரி அலுவலரையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே பொம்மனஹள்ளிப் பட்டறை அதைத் தனக்கு நேரடிப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. அனைவருக்கும் பொதுவான விளக்கம் மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கைகளில் கிடைக்கிறது. 2019 மார்ச் 7-ஆம் நாள் வெளியான 92-ஆம் எண் சுற்றறிக்கை, 15-ஆம் பிரிவின் நிபந்தனைகள் நிறைவேறாவிட்டாலும் விற்பவர் வணிகக் கிரெடிட் நோட் வழங்கலாம் என்றது. வாங்கியவரின் நிலை அதில் தெளிவாக இல்லை. 2025 செப்டம்பர் 12-ஆம் நாள் வெளியான 251-ஆம் எண் சுற்றறிக்கை அந்தக் குறையைத் தீர்த்தது. வணிகக் கிரெடிட் நோட்டால் விற்பவரின் வரிப் பொறுப்பு குறைவதில்லை. எனவே அதைப் பெற்றவர் தள்ளுபடிக்குரிய வரவைத் திருப்ப வேண்டியதில்லை என்று அது கூறியது.

மறுபுறம், வரியுடன் கூடிய கிரெடிட் நோட்டின் பிடி இறுகியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 34-ஆம் பிரிவைத் திருத்தியது. வாங்கியவர் வரவைத் திருப்பாவிட்டால் விற்பவர் தம் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று அத்திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே விற்பவர் இனி நம்மை விடமாட்டார். நாம் திருப்பினோமா என்று கேட்பார்.

மூன்று தவறுகள்

முதல் தவறு, வணிகக் கிரெடிட் நோட்டைப் பெற்றுக்கொண்டு வரவைத் திருப்புவது. அச்சத்தால் செய்யப்படும் தவறு இது. நம் எடுத்துக்காட்டில் பட்டறை 11,60,000 ரூபாய் செலுத்தியது. வரவில் 3,600 ரூபாயைத் திருப்பியும்விட்டது. விற்பவர் முழு வரியையும் செலுத்தியிருக்க, அதே தொகைக்கு அரசு இரண்டாம் முறையாகவும் பெறுகிறது. ஒரு விலைச்சீட்டுக்கு 3,600 ரூபாய் என்பது சிறிதாகத் தோன்றலாம். மாதம் ஒன்று என்று கொண்டாலும் ஆண்டுக்கு 43,200 ரூபாய்.

இந்த இழப்பை வங்கியின் கண்ணால் பார்த்தால் அதன் அளவு விளங்கும். பத்தாம் நாள் செலுத்துவதற்காகப் பட்டறை தன் ரொக்கக் கடன் கணக்கிலிருந்து 11,60,000 ரூபாய் எடுக்கிறது என்று கொள்வோம். 45-ஆம் நாள் செலுத்தினால் போதும் என்றிருந்ததை 35 நாள் முன்னதாகச் செலுத்துகிறது. ஆண்டு வட்டி 10% எனில், 35 நாள் வட்டி ஏறத்தாழ 11,123 ரூபாய். தள்ளுபடி 20,000 ரூபாயிலிருந்து இதைக் கழித்தால் உண்மையான ஆதாயம் 8,877 ரூபாய். அதில் 3,600 ரூபாயைத் தேவையின்றித் திருப்பினால் எஞ்சுவது 5,277 ரூபாய். ஆதாயத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கணக்கெழுதும் மேசையிலேயே போய்விடுகிறது.

இரண்டாம் தவறு இதற்கு நேர்மாறானது. விற்பவர் வரியுடன் கிரெடிட் நோட் தருகிறார். வாங்கியவர் 23,600 ரூபாயைக் குறைத்துச் செலுத்திவிட்டு 1,80,000 ரூபாய் வரவையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். விற்பவர் அந்தக் கிரெடிட் நோட்டைத் தம் GSTR-1 படிவத்தில் காட்டியதும் அது நமது GSTR-2B அறிக்கையில் வந்து நிற்கும். பார்க்காமல் விட்டால் வேறுபாடு பதிவாகவே இருக்கும். தவறாக எடுத்துப் பயன்படுத்திய வரவுக்கு ஆண்டுக்கு 18% வட்டி உண்டு.

மூன்றாம் தவறு, எந்தச் சீட்டும் இல்லாமல் குறைத்துச் செலுத்துவது. பேச்சில் ஒப்புக்கொண்டதை நம்பிப் பட்டறை 11,60,000 ரூபாய் அனுப்பிவிட்டு, தானே ஒரு டெபிட் நோட் எழுதிக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. வாங்குபவர் எழுதும் டெபிட் நோட் அவருடைய கணக்குக்கு மட்டுமே உதவும். அது விற்பவரின் விலையையோ வரியையோ மாற்றாது. விற்பவரின் பேரேட்டில் 20,000 ரூபாய் நிலுவையாகவே நிற்கும்.

இங்கே 16-ஆம் பிரிவின் 180 நாள் விதி குறுக்கிடுகிறது. விலைச்சீட்டு நாளிலிருந்து 180 நாள்களுக்குள் விலையையும் வரியையும் விற்பவருக்குச் செலுத்தாவிட்டால், செலுத்தாத பகுதிக்குரிய வரவை வட்டியுடன் திருப்ப வேண்டும். 11,80,000 ரூபாயில் 20,000 ரூபாய் செலுத்தப்படவில்லை என்று அலுவலர் கொண்டால், 1,80,000 ரூபாயில் அதற்குரிய பங்கு ஏறத்தாழ 3,051 ரூபாய். விற்பவரின் கிரெடிட் நோட் கையில் இருந்தால், அந்த 20,000 ரூபாய் நாம் செலுத்தத் தவறியதன்று, அவரே விட்டுக்கொடுத்தது என்பதற்கு அதுவே சான்று. எனவே, தள்ளுபடிக்குச் சீட்டு வாங்காமல் விடக்கூடாது.

எந்த வகை என்று அறிவது எப்படி?

கிரெடிட் நோட் வந்ததும் முதலில் அதில் வரிக்கென்று தனி வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்திய வரி, மாநில வரி என்று தொகை பிரித்துக் காட்டப்பட்டிருந்தால் அது முதல் வகை. 20,000 என்று ஒற்றைத் தொகை மட்டும் இருந்தால் இரண்டாம் வகை. விற்பவர் வழங்கியது வணிகக் கிரெடிட் நோட்டாயின், "இதனால் ஜி.எஸ்.டி. மாற்றப்படவில்லை" என்று அதிலேயே ஒரு வரி எழுதித் தரக் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னாளில் உதவும்.

அடுத்து GSTR-2B அறிக்கையைப் பார்க்க வேண்டும். முதல் வகை அங்கே தோன்றும். இரண்டாம் வகை தோன்றாது. சீட்டு ஒன்றைச் சொல்ல, அறிக்கை வேறொன்றைச் சொன்னால் விற்பவரை உடனே கேட்க வேண்டும். வரியில்லாத சீட்டை நம்மிடம் தந்துவிட்டு, அதே தள்ளுபடியை வரியுடன் அரசிடம் காட்டியிருந்தால், அந்த வேறுபாட்டை நாம் சுமக்க நேரும். கிரெடிட் நோட்டை ஏற்பதா மறுப்பதா என்று தளத்திலேயே தெரிவிக்கும் வசதி இப்போது இருப்பதால், மாதக் கணக்கை முடிக்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடலாம்.

பேரேட்டுப் பதிவும் சீட்டைப் பின்பற்ற வேண்டும். வணிகக் கிரெடிட் நோட்டாயின், விற்பவர் கணக்கில் 20,000 ரூபாய் பற்று, பெற்ற தள்ளுபடியில் 20,000 ரூபாய் வரவு; அவ்வளவுதான். வரியுடன் கூடியதாயின், விற்பவர் கணக்கில் 23,600 ரூபாய் பற்று. பெற்ற தள்ளுபடியில் 20,000 ரூபாய் வரவு. மத்திய, மாநில உள்ளீட்டு வரிக் கணக்குகளில் தலா 1,800 ரூபாய் வரவு. மார்ச் மாத விலைச்சீட்டுக்கு ஏப்ரலில் கிரெடிட் நோட் வந்தால், ஏப்ரல் கணக்கில் திருப்பினால் போதும். மார்ச் கணக்கைத் திறக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே அச்சத்தால் வரவைத் திருப்பியவர்கள், அதை GSTR-3B படிவத்தில் எந்தக் கட்டத்தில் காட்டினார்கள் என்று பார்ப்பது நல்லது. பின்னர் மீட்கக்கூடிய வரவு 4(B)(2) கட்டத்திலும், மீட்க முடியாதது 4(B)(1) கட்டத்திலும் வருகிறது. அந்தப் பக்கத்தையும் உரிய கிரெடிட் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு தணிக்கையாளரிடம் செல்ல வேண்டும்.

கொள்முதல் ஆணையில் இரண்டு வரிகள்

இவ்வளவு குழப்பத்தையும் சரக்கு வரும் முன்பே தவிர்க்கலாம். கொள்முதல் ஆணையில் இரண்டு செய்திகளை எழுதினால் போதும்.

ஒன்று, தள்ளுபடி எதன் மீது என்பது. வரி நீங்கிய விலையில் 2% என்றால் 20,000 ரூபாய். விலைச்சீட்டின் மொத்தத்தில் 2% என்றால் 23,600 ரூபாய். மொத்தத்தின் மீது கணக்கிட்டு, வணிகக் கிரெடிட் நோட்டாகவும் தந்தால் வாங்குபவர் 11,56,400 ரூபாய் செலுத்தி 1,80,000 ரூபாய் வரவையும் பெறுகிறார்; அடக்கவிலை 9,76,400 ரூபாயாகிறது. அந்த 3,600 ரூபாயை விற்பவர் தம் கையிலிருந்து தருகிறார். இதில் சட்டக் குறை ஏதும் இல்லை. ஆனால் விற்பவர் அறிந்து ஒப்பியதாக இருக்க வேண்டும். இல்லையேல் அடுத்த மாதம் அது நிலுவையாகத் திரும்பி வரும்.

மற்றொன்று, கிரெடிட் நோட் வரியுடனா, வரியின்றியா என்பது. வரியுடன் என்றால், தள்ளுபடியின் நிபந்தனையும் நாள் கணக்கும் ஆணையிலேயே இருக்க வேண்டும். முன்னரே செய்துகொண்ட உடன்பாடு என்னும் நிபந்தனைக்கு அதுவே சான்று. இந்த நிபந்தனையை நீக்கலாம் என்று 2025 செப்டம்பர் 3-ஆம் நாள் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56-ஆவது கூட்டம் பரிந்துரைத்தது. எனினும் எந்த விலைச்சீட்டுக்கும் அதன் நாளில் நடப்பிலிருக்கும் சட்டமே பொருந்தும். எழுதி வைத்த ஆணை எந்நிலையிலும் கேடு செய்யாது.

ஆதலால், எட்டாம் நாள் பணம் அனுப்பும் கடிதத்தோடு ஒரு வரியைச் சேர்த்து அனுப்புங்கள்: "இன்ன எண்ணுள்ள விலைச்சீட்டுக்குரிய 2% தள்ளுபடிக்கான கிரெடிட் நோட்டை ஆணையில் கண்ட வகையில் அனுப்பிவைக்கவும்." அந்தச் சீட்டு வந்து விலைச்சீட்டோடு கோக்கப்பட்ட பிறகே "பெற்ற தள்ளுபடி" பெற்றதாகும். கடன் புதுப்பிப்புக்கு வரும்போது அவ்விரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தால், உங்கள் அடக்கவிலை 9,80,000 ரூபாயா, 9,83,600 ரூபாயா என்று எங்களாலும் ஒரே பார்வையில் சொல்ல முடியும்.